மூன்று நாள் இருட்டில் ஒரு புட்டி ஆற்று நீர்

சென்னையில் கூவத்தைக் கடக்கும் பாலங்களில் மூக்கைப் பொத்தாமல் போகிறவர் குறைவு. ஆற்றில் விழும் சாக்கடைக் கழிவைத் தின்னும் பாக்டீரியாக்கள் நீரில் கரைந்த ஆக்சிஜனைச் செலவழிக்கின்றன. அது தீர்ந்ததும், ஆக்சிஜன் இல்லாமலே வாழும் வேறு நுண்ணுயிர்கள் பெருகி அழுகிய முட்டை வாடையைக் கிளப்புகின்றன. குறிப்பிட்ட நாட்களில் ஒரு லிட்டர் நீரிலுள்ள கழிவைத் தின்ன எத்தனை மில்லிகிராம் ஆக்சிஜன் செலவாகிறது என்ற கணக்குக்குப் பெயர் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை. ஆய்வகங்களில் அதை பி.ஓ.டி. என்பார்கள்.

அளக்கும் முறை எளிது. 300 மில்லிலிட்டர் கண்ணாடிப் புட்டியைக் காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்பி, ஆக்சிஜனை அளந்து, மூடி வைத்து, சில நாள் கழித்து மீண்டும் அளக்க வேண்டும். குறைந்த அளவுதான் விடை. புட்டி இருட்டில் இருக்க வேண்டும். வெளிச்சம் பட்டால் பாசி புது ஆக்சிஜனை உண்டாக்கிக் கணக்கைக் கெடுத்துவிடும். பிரிட்டனில் வழக்கமான 20 டிகிரி, 5 நாள் முறைக்குப் பதிலாக, இந்தியாவில் நம் வெப்பத்துக்கு ஏற்ப 27 டிகிரியில் 3 நாள் வைக்கிறார்கள்.

சிக்கல் இனிமேல்தான். 27 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் சுமக்கக்கூடிய ஆக்சிஜன் சுமார் 8 மில்லிகிராம்தான். சாக்கடை கலந்த நீரின் பசியோ அதைப்போலப் பல மடங்கு. அப்படியே மூடி வைத்தால் முதல் நாளே ஆக்சிஜன் தீர்ந்துவிடும். பசி எவ்வளவு மிச்சம் என்பது தெரியாது. அதனால்தான் காற்றூட்டி, நுண்ணுயிர்களுக்கு வேண்டிய உப்புகள் சேர்த்த தூய நீரில் மாதிரியைக் கலக்கிறார்கள்.

கற்பனையாக ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். முதல் புட்டியில் 15 மில்லிலிட்டர் ஆற்று நீர், மீதி தூய நீர். 300-ஐ 15-ஆல் வகுத்தால் நீர்ப்பு மடங்கு 20. ஆக்சிஜன் 7.4-லிருந்து 4.4-க்கு இறங்கியது. குறைவு 3.0, 20-ஆல் பெருக்கினால் 60. இரண்டாவதில் 30 மில்லிலிட்டர், மடங்கு 10. 7.1 ஆக இருந்தது 1.2 ஆனது, 5.9-ஐ 10-ஆல் பெருக்க 59. இரண்டும் ஒத்துப்போகின்றன.

மூன்றாவதில் 60 மில்லிலிட்டர், மடங்கு 5. தொடக்கத்தில் 6.4, முடிவில் பூஜ்யம். பெருக்கினால் 32 வரும். ஆறு பாதி சுத்தமாகிவிட்டதுபோலத் தோன்றும்! புட்டியில் இருந்தது முழுக்கத் தீர்ந்ததால் வந்த பொய் அது. எனவே கடைசியில் குறைந்தது 1 மில்லிகிராமாவது மிஞ்சிய, குறைந்தது 2 மில்லிகிராமாவது செலவான புட்டிகளை மட்டுமே ஏற்கிறார்கள். எது தேறும் என்று முன்கூட்டியே தெரியாததால்தான் இத்தனை புட்டிகள்.

விடை 60 என்றே கொள்ளலாம். வெளியில் குளிப்பதற்கான நீரில் இந்தியா அனுமதிக்கும் உச்சவரம்பு 3.

எதிர்த்திசையிலும் ஏமாற்றம் உண்டு. ஆலைக் கழிவின் உலோக நஞ்சு கலந்திருந்தால் பாக்டீரியாக்கள் மடிந்து, பசி குறைவாகத் தெரியும். நீர்க்க நீர்க்க நஞ்சு தளர்வதால், அதிகம் நீர்த்த புட்டியின் விடை மற்றவற்றைவிட மேலே ஏறிக்கொண்டே போகும். அப்படி ஏறினால் அந்த எண்ணை நம்பாமல், மாதிரியில் நஞ்சு என்னவென்று தேட வேண்டும்.