கைபேசிக்கு எத்தனை காதுகள்?

சென்ற ஆண்டு ஏழாம் வகுப்பில் ஒரு மாணவி காய்ச்சலால் நான்கு நாள் பள்ளிக்கு வரவில்லை. வாசிப்புத் திறனை மதிப்பிட்டு முடிக்க வேண்டிய வாரம் அது. அவளுடைய அம்மாவின் கைபேசிக்கு அழைத்து, தமிழ்ப் பாடத்தில் ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னேன். சொற்கள் விட்டு விட்டுக் கேட்டன. சில இடங்களில் பாதிச் சொல் வந்தது. சில இடங்களில் ஒன்றுமே இல்லை. "தடுமாறி வாசிக்கிறாள்" என்று குறித்துக்கொண்டேன்.

அடுத்த திங்கட்கிழமை அவள் வகுப்பில் அதே பத்தியைத் தங்கு தடையின்றி வாசித்தாள். அன்று கைபேசியை எப்படிப் பிடித்திருந்தாய் என்று கேட்டேன். தலையைச் சாய்த்துக் காட்டினாள். "இப்படித்தான் சார். ரெண்டு கையிலயும் புக்கு இருந்துச்சு. போனைத் தோள்ல இடுக்கிக்கிட்டேன்." அவள் காட்டிய நிலையில் கைபேசியின் கீழ்முனை தாவணிக்குள் புதைந்திருந்தது. நான் போட்ட குறிப்பை அன்றே அடித்துத் திருத்தினேன்.

என் தவறு எங்கே இருந்தது என்பதைப் புரிந்துகொள்ள, கைபேசியைக் கையில் எடுத்துப் பாருங்கள். மின்னேற்றும் துளைக்கு அருகே ஒரு சிறு ஓட்டை இருக்கும். மேல் விளிம்பிலும் குண்டூசி முனை அளவில் இன்னொன்று இருக்கும். சில கைபேசிகளில் பின்பக்கக் கேமராவின் அருகே மூன்றாவது ஒன்றும் உண்டு. ஒவ்வொரு ஓட்டைக்குப் பின்னாலும் சில மில்லிமீட்டர் அளவே உள்ள ஓர் ஒலிவாங்கி இருக்கிறது. அதற்குள் சிலிக்கானால் ஆன மெல்லிய சவ்வு ஒலியால் அதிர்கிறது. அந்த அதிர்வு மின்குறிப்பாகி, பின் எண்களாக மாறுகிறது. ஒரு மைக் மட்டும் இருந்தால், பேருந்து இரைச்சலும் பேசுபவர் குரலும் ஒன்றாய்க் கலந்த எண்களே கிடைக்கும். இரண்டு மைக்குகள் இருப்பதால் ஒப்பிட முடிகிறது.

முதல் ஒப்பீடு சத்த அளவில் நடக்கிறது. கைபேசியைக் காதில் வைத்துப் பேசும்போது கீழ் மைக் வாயிலிருந்து சுமார் 5 செ.மீ. தொலைவிலும், மேல் மைக் சுமார் 15 செ.மீ. தொலைவிலும் இருப்பதாகக் கொள்வோம். தொலைவு மூன்று மடங்கானால் ஒலி அலையின் வீச்சு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகும். ஆகவே நம் குரல் கீழ் மைக்கில் மூன்று மடங்கு பெரிதாக விழுகிறது. பத்து மீட்டர் தள்ளி நிற்கும் பேருந்தின் ஓசைக்கோ இந்தப் பத்து சென்டிமீட்டர் ஒரு பொருட்டே இல்லை. அது இரண்டிலும் ஏறக்குறைய சமமாகவே விழும்.

கைபேசி ஒலியைச் சிறு சிறு நேரத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் தாழ்ந்த சுருதி, உயர்ந்த சுருதி எனப் பல அதிர்வெண் பட்டைகளாகப் பிரிக்கிறது. ஒரு பட்டையில் கீழ் மைக்கின் அளவு மிகுதியாக இருந்தால் அது குரல், அதை விட்டுவைக்கிறது. இரண்டும் சமமாக இருந்தால் அது இரைச்சல், அதைக் குறைக்கிறது. தாவணி கீழ் மைக்கை மூடியபோது அந்தக் குழந்தையின் குரல் இரண்டு மைக்குகளிலும் சமமாகிவிட்டது. கைபேசி அவள் குரலையே இரைச்சல் என்று எண்ணி வெட்டியது. மேல் மைக்கை விரல் மூடினால் இதற்கு நேர்மாறாக நடக்கும். எல்லா ஒலியும் கீழே மிகுதியாகத் தெரிவதால் இரைச்சலும் குரலோடு சேர்ந்து மறுமுனைக்குப் போய்விடும்.

இரண்டாவது ஒப்பீடு நேரத்தில் நடக்கிறது. கைபேசி மேசைமேல் கிடக்க, நாம் அரை மீட்டர் தள்ளியிருந்து பேசினால் சத்த அளவில் பெரிய வேறுபாடு இராது. ஆனால் கீழ்முனையின் திசையிலிருந்து வரும் குரல் கீழ் மைக்கை முதலில் தொட்டு, 15 செ.மீ. கடந்த பிறகே மேல் மைக்கை அடையும். ஒலியின் வேகம் நொடிக்கு 340 மீட்டர் என்றால் அந்தத் தாமதம் சுமார் 0.44 மில்லிநொடி. நமக்கு இது கண்சிமிட்டலை விடவும் மிகச் சிறியது. நொடிக்கு 48,000 முறை அளவெடுக்கும் கருவிக்கோ இதற்குள் 21 அளவுகள் கிடைத்துவிடும்.

இதை வகுப்பில் எண்களாலேயே காட்டலாம். குரல் கீழ் மைக்கில் 3, 5, 3 என்று பதிவாகிறது. மேல் மைக்கில் அதே 3, 5, 3 இரண்டு கட்டம் தள்ளிப் பதிவாகிறது. பக்கவாட்டில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அந்த 'டக்' இரண்டு மைக்கிலும் ஒரே கட்டத்தில் 4 என விழுகிறது. இப்போது கீழ் மைக்கின் வரிசை முழுவதையும் இரண்டு கட்டம் தள்ளிவைத்து, மேல் வரிசையோடு கூட்டி, இரண்டால் வகுக்கச் சொல்லுங்கள். குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவதால் 3, 5, 3 அப்படியே நிற்கும். 'டக்' ஒலிகள் விலகிப்போய், தனித்தனியாக இரண்டு இடங்களில் 2 என்று சுருங்கும். எங்கள் வகுப்பில் கட்டம் போட்ட தாளில் இரண்டு கீற்றுகளை வெட்டி நகர்த்திப் பார்த்தோம். பத்து நிமிடத்தில் முடிந்தது. தள்ளும் கட்டங்களின் எண்ணிக்கையை மாற்றினால், மைக்கை அசைக்காமலே வேறு திசைக்குக் காது கொடுக்கலாம் என்பதை மாணவர்களே கண்டுபிடித்தார்கள்.

இந்த முறைக்கு எல்லைகளும் உண்டு. 100 ஹெர்ட்ஸ் அளவிலான இயந்திர உறுமலில் ஓர் அலை முடிய 10 மில்லிநொடி ஆகிறது. அதில் 0.44 மில்லிநொடி நகர்த்தல் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் உறுமலும் குரலைப் போலவே ஒன்றோடொன்று பொருந்திவிடும். பக்கவாட்டிலிருந்து வரும் 1,130 ஹெர்ட்ஸ் அளவிலான ஒலியோ சரியாக அரை அலை விலகி, மேடும் பள்ளமும் சேர்ந்து ஏறத்தாழ மறைந்துவிடும். அதாவது கைபேசி சிறியதாக இருப்பதால் தாழ்ந்த ஒலிகளைத் திசை பார்த்துப் பிரிப்பது கடினம். நம் குரல் வரும் அதே திசையில் இன்னொருவர் பேசினாலும் பிரிக்க முடியாது. காற்று நேராக ஓட்டையில் மோதினால் ஒவ்வொரு மைக்கிலும் தனித்தனிச் சுழல்கள் எழும். அவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்பதால் ஒப்பீடே குழம்பிவிடும்.

அந்த மாணவியும் நானும் பிறகு ஒரு சோதனை செய்தோம். அவள் என் கைபேசியுடன் மைதானத்து மரத்தடிக்குப் போனாள். நான் அலுவலக அறையில் சக ஆசிரியரின் கைபேசியில் கேட்டேன். முதலில் கீழ்முனை வாயருகே தெரியும்படி பிடித்து வாசித்தாள். எல்லாச் சொல்லும் தெளிவாகக் கேட்டது. பிறகு அன்று போலவே தோளில் இடுக்கிக்கொண்டு வாசித்தாள். மறுபடியும் சொற்கள் உடைந்தன.

இப்போதெல்லாம் தொலைபேசியில் குழந்தையின் குரல் விட்டு விட்டு வந்தால், "போனைக் கையில பிடி, கீழ்ப்பக்கம் மூடாம வெச்சுக்க, மறுபடி வாசி" என்று சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுக்கிறேன்.