நெஞ்சுவலியும் நாவின் அடியில் வைக்கும் மாத்திரையும்

நெஞ்சுவலி என்று நாம் கூறுவன எல்லாம் ஒரே தன்மையுடையன அல்ல. பாரமான பால்வாளியைத் தூக்கியதால் மார்புத் தசை பிடித்துக்கொள்வது உண்டு; உண்ட உணவு செரியாமல் நெஞ்சு எரிவதும் உண்டு. இவற்றினின்றும் வேறான வலி ஒன்று உளது. உடல் உழைக்கும்பொழுது அது தோன்றும். உழைப்பை நிறுத்தினால் சில நிமிடங்களில் நீங்கும். இதற்கு மருத்துவர்கள் அஞ்சைனா என்று பெயரிட்டுள்ளனர். வெகுநாளாக ஒரே அளவிலும் ஒரே முறையிலும் வந்து போகுமாயின், அது நிலையான அஞ்சைனா எனப்படும். இந்த நோயுடையவருக்கு மருத்துவர் சிறு மாத்திரைகள் அடங்கிய புட்டி ஒன்றைக் கொடுப்பது வழக்கம். அம்மாத்திரை எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை அறிந்திருத்தல் உயிர் காக்கும் அறிவாகும்.

வலியின் இயல்பு

மேட்டு நிரையில் மரம் வெட்டும் 54 வயதுத் தொழிலாளி ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பால் எடுத்து முடிந்தபின் காண்டாவில் இரு வாளிகளைச் சுமந்து, பால் நிறுக்கும் கொட்டகையை நோக்கி மேடேறுகிறார். பாதி வழியில் மார்பின் நடுவே கல்லை வைத்து அழுத்துவது போன்ற உணர்ச்சி உண்டாகிறது. இடது கையும் தாடையும் கனக்கின்றன. வாளிகளை இறக்கிவைத்துவிட்டு மர நிழலில் அமர்கிறார். மூன்று நான்கு நிமிடங்களில் அழுத்தம் மறைந்துவிடுகிறது. மறுவாரமும் அதே மேட்டில் அதே அழுத்தம் வருகிறது. சமநிலத்தில் நடக்கும்பொழுது ஒன்றுமில்லை. வயிறு நிறைய உண்டபின் நடந்தால் மட்டும் சற்று விரைவாக வருகிறது.

இதன் காரணம் யாது? இதயமும் ஒரு தசையே. அதற்கும் இரத்தம் வேண்டும். இதயத்தின் மேற்புறத்தில் ஓடும் சிறு குழாய்கள் அதற்கு இரத்தம் கொண்டு செல்கின்றன. ஆண்டுகள் பல செல்லச் செல்ல இக்குழாய்களின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து வழி குறுகுகிறது. புகைபிடித்தல், நீரிழிவு, இரத்தக் கொதிப்பு ஆகியவை இதனை விரைவுபடுத்தும்.

நம் லயத்துக்கு நீர் கொண்டுவரும் குழாய் உள்ளே துருவேறிக் குறுகிவிட்டது என்று கொள்வோம். ஒரு வீட்டில் மட்டும் குழாயைத் திறந்தால் நீர் குறைவின்றி வரும். எல்லா வீட்டாரும் ஒரே நேரத்தில் திறந்தால் எவருக்கும் போதாது. இதயத்தின் நிலையும் இதுவே. அமர்ந்திருக்கும்பொழுது குறுகிய குழாயின் வழியே வரும் இரத்தம் போதும். மேடேறும்பொழுது இதயம் வேகமாகத் துடிக்கிறது. அதற்கு வேண்டிய இரத்தமும் மிகுகிறது. குழாயோ அதனைத் தர இயலாது. பற்றாக்குறையை இதயம் வலியாகத் தெரிவிக்கிறது. இந்நிலையில் இதயத்தசை பசித்திருக்கின்றதேயன்றி மடிந்துவிடவில்லை. ஓய்வெடுத்ததும் பசி தணிகிறது.

வெடிமருந்தாகவும் விளங்கிய மருந்து

அத்தொழிலாளி மருத்துவமனைக்குச் சென்றார். இதயத் துடிப்பைத் தாளில் பதிவு செய்து பார்த்தனர்; இரத்தத்தையும் சோதித்தனர். நாள்தோறும் உட்கொள்ள வேண்டிய மருந்துகளுடன், வலி வரும்பொழுது மட்டும் பயன்படுத்துமாறு கருநிறக் கண்ணாடிப் புட்டியில் சிறு மாத்திரைகளும் கொடுத்தனர். அம்மருந்தின் பெயர் நைட்ரோகிளிசரின், மருத்துவமனையில் ஜி.டி.என். என்று சுருக்கமாகக் கூறுவர். 0.5 மில்லிகிராம் அளவுள்ள மாத்திரையே பெரும்பாலும் கொடுக்கப்படுகிறது.

இப்பொருளை 1847ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் அஸ்கானியோ சொப்ரேரோ கண்டுபிடித்தார். சிறிதளவு நாவில் பட்டாலும் கடுமையான தலைவலி உண்டாவதை அவர் குறிப்பிட்டார். பின்னர் ஆல்பிரட் நோபெல் இதனைக்கொண்டே டைனமைட் வெடியைச் செய்தார். 1879ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் வில்லியம் மரல் இது நெஞ்சுவலியைத் தணிக்கும் என்று எழுதி வெளியிட்டார். மாத்திரையில் உள்ள அளவு மிகச் சிறியது. அது வெடிக்குமோ என்று அஞ்ச வேண்டியதில்லை.

மாத்திரையை விழுங்கலாகாது. விழுங்கினால் அது குடலிலிருந்து முதலில் கல்லீரலுக்குச் செல்லும். அங்கே அதன் பெரும்பகுதி சிதைந்துவிடும். நாவின் அடியிலோ தோல் மெல்லியது. நுண்ணிய இரத்தக் குழாய்கள் நிறைந்தது. அங்கே கரையும் மருந்து கல்லீரலைச் சுற்றாமல் நேரே இரத்தத்தில் கலக்கிறது. ஆதலால் ஓரிரு நிமிடங்களில் வேலை செய்யத் தொடங்குகிறது. ஏறக்குறைய அரைமணி நேரம் அதன் ஆற்றல் நிற்கும்.

மருந்து இரத்தக் குழாயின் சுவரை அடைந்ததும் நைட்ரிக் ஆக்சைடு என்னும் பொருள் உண்டாகிறது. அது குழாயின் தசையைத் தளர்த்துகிறது. இப்பொருளின் பணியைக் கண்டறிந்த மூன்று அறிஞர்களுக்கு 1998ஆம் ஆண்டில் மருத்துவத்துக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது. மருந்து அடைபட்ட குழாயைத் திறந்துவிடுகிறது என்றே பலரும் எண்ணுகின்றனர். அதன் முதன்மையான வேலை வேறு. உடலெங்கும் உள்ள இரத்த நாளங்களை, சிறப்பாகக் கால்களிலும் வயிற்றிலும் உள்ளவற்றை, அது விரியச் செய்கிறது. இரத்தத்தில் ஒரு பகுதி அங்கே தங்கிவிடுவதால் இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது. சுமை குறைந்த இதயத்துக்கு வேண்டிய இரத்தமும் குறைகிறது. காண்டாவில் இருந்த வாளியின் பாரத்தைப் பாதியாக்கியது போன்றது இது. இதயத்தின் குழாய்களும் சிறிது விரிகின்றன. ஆயினும் படிந்த கொழுப்பு கரைவதில்லை.

பயன்படுத்தும் முறை

வலி வந்தவுடன் வேலையை நிறுத்தி அமர்தல் வேண்டும். நின்றுகொண்டு மாத்திரையை வைத்தால், இரத்தம் காலில் தங்கித் தலைசுற்றிக் கீழே விழ நேரிடும். ஒரு மாத்திரையை நாவின் அடியில் வைத்துக் கரையவிடுக. மெல்லலாகாது, நீரும் பருகலாகாது. தலைவலியும் முகம் வெப்பமாதலும் மருந்து வேலை செய்வதால் உண்டாவன. அவை தாமே தணியும். இன்ன மேட்டில் வலி வரும் என்று முன்பே அறிந்தவர், மருத்துவர் கூறியிருந்தால், ஏறுவதற்குச் சில நிமிடம் முன்னதாக ஒரு மாத்திரை வைத்துக்கொள்ளலாம்.

வெப்பமும் ஈரமும் ஒளியும் இம்மாத்திரையின் வீரியத்தைக் கெடுக்கும். அதனை அதே கண்ணாடிப் புட்டியில் நன்கு மூடி வைத்தல் வேண்டும். தாளில் மடித்து வியர்வை படியும் சட்டைப்பையில் வைத்தவர், உற்ற நேரத்தில் வீரியமற்ற மாத்திரையையே காண்பார். காட்டுக்குச் செல்லும்பொழுது புட்டியோடு பையில் எடுத்துச் செல்க. புட்டியைத் திறந்த நாளை அதன்மேல் எழுதிவைத்து, எட்டு வாரம் சென்றதும் புதிய புட்டி பெறுக.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. ஆண்மைக் குறைவுக்கு உண்ணும் சில்டெனாபில், தடாலாபில் போன்ற மருந்துகளோடு இம்மாத்திரை சேர்ந்தால் இரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தாகுமளவு இறங்கிவிடும். 'ஆண்களுக்கு வலிமை தரும்' என்று விற்கப்படும் காப்பித்தூள் சிலவற்றில் இம்மருந்துகள் கள்ளத்தனமாகக் கலந்திருப்பதை நம் நாட்டுச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டறிந்துள்ளது. அவற்றை உட்கொண்டவர் இரண்டு நாள்களுக்கு இம்மாத்திரையை வைக்கலாகாது. வலி வந்தால் 999ஐ அழைத்து, உட்கொண்டதை மறையாமல் கூறுதல் வேண்டும்.

வழக்கம் மாறினால் ஆபத்து

நிலையான அஞ்சைனாவுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. இன்ன உழைப்பில் வரும். இத்தனை நிமிடத்தில் போகும். அந்த ஒழுங்கு குலைவதே ஆபத்தின் அறிகுறி. குழாயினுள் படிந்த கொழுப்பு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து வழியை அடைத்துவிட்டால், அப்பகுதி இதயத்தசை மடியத் தொடங்கும். இதுவே மாரடைப்பு. நாவின் அடியில் வைக்கும் மாத்திரை உறைந்த இரத்தத்தைக் கரைக்க வல்லதன்று. அதனாலேயே மாத்திரைக்கு அடங்காத வலியை அடுத்த மாத்திரையால் அடக்கிவிடலாம் என்று காத்திருத்தல் தவறு.

ஐந்து நிமிடக் கணக்கை நினைவிற் கொள்க. முதல் மாத்திரை வைத்து ஐந்து நிமிடம் சென்றும் வலி தணியவில்லை அல்லது மிகுகின்றது என்றால், 999ஐ அழைத்துவிடுதல் வேண்டும். வண்டி வரும்வரை ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக மேலும் இரண்டு மாத்திரைகள் வைக்கலாம். மூன்றுக்கு மேல் கூடாது. தலைசுற்றல் மிகுந்தால் அடுத்த மாத்திரையை வைக்கலாகாது.

சில வேளைகளில் ஐந்து நிமிடமும் காத்திருத்தல் ஆகாது. ஓய்வாக இருக்கையில் கடுமையாக வரும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், வாந்தி, மயக்கம் ஆகியவற்றுள் எது கண்டாலும் உடனே அழைக்க வேண்டும். நீரிழிவு உள்ளவர், முதியோர், பெண்கள் ஆகியோருக்கு வலியே இன்றி மூச்சுத் திணறலும் சோர்வும் மட்டும் வருவதும் உண்டு. முன்பு மேட்டில் மட்டும் வந்த வலி, இப்பொழுது சில அடி நடந்தாலே வருகிறது, அல்லது நாள்தோறும் பலமுறை வருகிறது என்றால், அன்றே மருத்துவமனைக்குச் செல்க.

நம் எடுத்துக்காட்டுத் தொழிலாளியிடம் மீள்வோம். ஒருநாள் விடியற்காலை 4.40 மணிக்கு, வேலைக்குப் புறப்படுமுன் தேநீர் அருந்திக்கொண்டிருக்கையில் நெஞ்சு அழுத்துகிறது. மேடும் இல்லை, வாளியும் இல்லை, உடலெல்லாம் வியர்க்கிறது. "வாயுவாக இருக்கும், தைலம் தேய்" என்கிறார் அவர். மனைவி உடன்படவில்லை. அவரைச் சாய்ந்தவாறு அமரச்செய்து, மகனை 999ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, மாத்திரையை எடுத்துக் கொடுக்கிறார். மகன் தோட்டத்தின் பெயர், பிரிவு, லயத்தின் எண், பெரிய சாலையிலிருந்து திரும்பும் இடம் ஆகியவற்றைக் கூறுகிறான். தந்தைக்கு ஆஸ்பிரின் ஒவ்வாமையோ இரத்தக் கசிவு நோயோ உண்டா என்று மறுமுனையில் வினவுகின்றனர். இல்லை என்றதும், 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்கின்றனர். பக்கத்து வீட்டார் ஒருவர் விளக்குடன் சாலை முனையில் நிற்கிறார். மற்றொருவர் காவலாளியிடம் சொல்லித் தோட்டத்துக் கதவைத் திறந்து வைக்கிறார்.

மருத்துவமனையில் மாரடைப்பு என உறுதியாகிறது. உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் மருந்தை ஊசிவழி செலுத்துகின்றனர். இச்சிகிச்சை முதல் சில மணி நேரத்திலேயே மிகுந்த பயன் தரும். ஒவ்வொரு மணி கழியும்பொழுதும் மடியும் தசை மிகுகின்றது. தைலம் தேய்த்துக்கொண்டு பொழுது விடியும்வரை காத்திருந்தால் மடிந்த தசையை எந்த மருந்தாலும் மீட்டிருக்க முடியாது.

வண்டி வர நெடுநேரம் ஆகும் என்று 999இல் கூறினால், தோட்டத்து வாகனத்தில் கொண்டு செல்லலாமா என்று அவர்களிடமே கேட்டு நடத்தல் வேண்டும். நோயாளி தாமே மோட்டார் சைக்கிள் ஓட்டிச் செல்லலாகாது. நடத்தியும் அழைத்துச் செல்லலாகாது.

புட்டி எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் உள்ள அனைவரும் அறிந்திருக்க வேண்டும்; காட்டில் அடுத்த நிரையில் வெட்டும் தோழரும், கங்காணியும் அறிந்திருக்க வேண்டும்.