5 வோல்ட்டா, 12 வோல்ட்டா? பிசி லைட்டைக் கருக்கிவிடும் தவறான கனெக்‌ஷன்

புதிதாக வாங்கிய மூன்று ஏஆர்ஜிபி ஃபேன்களை கேபினட்டில் மாட்டி, பிசியை ஆன் செய்கிறீர்கள். ஃபேன்கள் ஜம்மென்று சுற்றுகின்றன. லைட் மட்டும் ஒரு நொடி தாறுமாறாக மின்னிவிட்டு அணைந்துபோகிறது. லேசாகக் கருகிய வாசனை வேறு. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், பார்த்ததுமே கடைக்காரர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எந்த ஹெடர்ல சொருகினீங்க?"

அந்தக் கேள்விக்குக் காரணம் இருக்கிறது. மதர்போர்டில் லைட்டுக்கென்று இரண்டு விதமான ஹெடர்கள் வருகின்றன. ஒன்று சாதாரண ஆர்ஜிபி; நான்கு பின், 12 வோல்ட். இன்னொன்று ஏஆர்ஜிபி, மூன்று பின், 5 வோல்ட். இரண்டும் ஒரே அகலம், பின்களுக்கு நடுவே ஒரே இடைவெளி. பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஆனால் வேலை செய்கிற விதம் அடியோடு வேறு.

மூன்று குழாய், ஒரு டேங்க்

முதலில் 12 வோல்ட் ஆர்ஜிபி. இதன் நான்கு பின்களில் ஒன்றில் 12 வோல்ட் எப்போதும் வந்துகொண்டிருக்கும். மற்ற மூன்றும் பச்சை, சிவப்பு, நீலத்துக்கானவை. இதில் கிரவுண்ட் என்று தனியாக ஒரு பின் கிடையாது என்பதைக் கவனியுங்கள். மொட்டைமாடி டேங்கில் தண்ணீர் தயாராக இருக்கிறது, கீழே மூன்று குழாய்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். போர்டு நீலக் குழாயைத் திறந்தால், கரண்ட் 12 வோல்ட் பின்னிலிருந்து கிளம்பி, ஸ்ட்ரிப்பில் உள்ள நீல எல்இடிகள் வழியாக வந்து அந்தக் குழாயில் இறங்கும். நீலம் எரியும். சிவப்பையும் சேர்த்துத் திறந்தால் ஊதா கலந்த நிறம் வரும். ஸ்ட்ரிப் முழுக்க அதே நிறம்தான். ஒரு முனையில் பச்சை, மறுமுனையில் சிவப்பு என்று காட்ட இதனால் முடியாது.

ஏன் 12 வோல்ட்? நீல எல்இடி எரிய ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும். இந்த ஸ்ட்ரிப்களில் மூன்று மூன்றாக வரிசையில் கோத்திருப்பார்கள். அதற்கே 9 வோல்ட் போய்விடும். மிச்சத்தை ரெசிஸ்டர் எடுத்துக்கொள்ளும். ஸ்ட்ரிப்பை மூன்று எல்இடிக்கு ஒருமுறைதான் வெட்ட முடியும் என்பதற்கும் இதுதான் காரணம்.

பந்தியில் கைமாறும் தட்டு

ஏஆர்ஜிபி கதையே வேறு. இங்கே ஒவ்வொரு எல்இடி மணிக்குள்ளும் ஒரு சின்ன சிப் உட்கார்ந்திருக்கும். பரவலாகப் புழங்கும் WS2812B என்ற வகையை உற்றுப் பார்த்தால், வெள்ளைச் சதுரத்துக்குள் கறுப்புப் புள்ளி மாதிரி அந்தச் சிப் கண்ணிலேயே தெரியும். போர்டிலிருந்து மூன்று கம்பிகள் போகின்றன: 5 வோல்ட், கிரவுண்ட், டேட்டா. டேட்டா கம்பியில் வரும் தகவலில் முதல் 24 பிட்டை முதல் எல்இடி எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அடுத்ததற்குத் தள்ளிவிடும். பந்தியில் முதல் ஆள் தன் பங்கை எடுத்துக்கொண்டு தட்டைப் பக்கத்து ஆளிடம் கொடுப்பதுபோல. அதனால்தான் ஒவ்வொரு எல்இடியும் தனித்தனி நிறம் காட்டுகிறது. வானவில் ஓடுவது போன்ற எஃபெக்ட் எல்லாம் இதில்தான் வரும்.

டேட்டா இப்படி ஒன்றன்பின் ஒன்றாகப் போனாலும், கரண்ட் அப்படிப் போவதில்லை. 5 வோல்ட் எல்லாச் சிப்புக்கும் ஒரே நேரத்தில், நேரடியாகப் போய்ச் சேரும். WS2812B சிப் தாங்கும் உச்சம் 5.3 வோல்ட்தான் என்று அதன் டேட்டாஷீட் சொல்கிறது. 12 வோல்ட் வந்தால் எது முதலில் சாகும் என்ற பேச்சே இல்லை. எல்லாம் சேர்ந்தே அடிவாங்கும்.

மாற்றிச் சொருகினால் என்ன நடக்கிறது?

இரண்டு ஹெடர்களின் பின் வரிசையையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தால் சங்கதி விளங்கிவிடும்.

```
12V   G   R   B
5V    D   -   GND
```

மேலே இருப்பது ஆர்ஜிபி ஹெடர், கீழே இருப்பது ஏஆர்ஜிபி. கீழ் வரிசையில் மூன்றாவது இடம் காலி. 5 வோல்ட் ஸ்ட்ரிப்பை 12 வோல்ட் ஹெடரில் சொருகினால், 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12 வோல்ட் வருகிறது. ஸ்ட்ரிப்பின் கிரவுண்ட் கம்பி, போர்டின் நீலக் குழாயில் போய் உட்காருகிறது. டேட்டா கம்பி பச்சையில்.

இப்போது போர்டு சிவப்பு மட்டும் காட்டிக்கொண்டிருந்தால், ஒன்றும் நடக்காமல்கூடப் போகலாம். கரண்ட் திரும்பிப் போக வழி இல்லை. போர்டு நீலத்தைத் திறக்கும் கணத்தில்தான் 12 வோல்ட் முழுதாக ஸ்ட்ரிப்பின் மேல் இறங்குகிறது. பச்சையைத் திறந்தாலும் முதல் சிப்பின் டேட்டா கால் வழியாகக் கரண்ட் பாயும், அதுவும் ஆபத்துதான். நிறங்களை மாற்றி மாற்றிக் காட்டும்படி போர்டு செட் ஆகியிருந்தால், நீலத்தின் முறை வர அதிக நேரம் ஆகாது. "சொருகினப்போ ஒண்ணும் ஆகல, கொஞ்ச நேரம் கழிச்சுதான் போச்சு" என்று சிலர் சொல்வது பொய்யில்லை.

சிப்புக்குள் இருக்கும் தடுப்புகள் உடைந்ததும் அது ஷார்ட் ஆகிறது. 12 வோல்ட் ஹெடர்கள் பலவற்றில் 3 ஆம்பியர் வரை எடுக்கலாம். அதாவது 36 வாட். ஒரு சின்ன ஸ்ட்ரிப்புக்கு அது பெரிய சூடு. எல்இடி மணியின் நடுவில் பழுப்புப் புள்ளி விழுவதும், மேலே உள்ள பிளாஸ்டிக் உருகுவதும் இதனால்தான். சில நேரம் ஸ்ட்ரிப்போடு சேர்ந்து ஹெடரின் நீலக் குழாயும் போய்விடும்.

ஃபேன் மட்டும் ஏன் சுற்றியது? ஃபேனின் மோட்டாருக்குத் தனி ஒயர், தனி கனெக்டர். அதற்கு 12 வோல்ட்தான் சரியான தீனி. ஃபேன் நன்றாகச் சுற்றி, அதன் லைட் மொத்தமாகச் செத்திருந்தால் சந்தேகத்தை இந்தப் பக்கம் திருப்பலாம். பாதி ஸ்ட்ரிப் எரிந்து, நடுவில் ஓர் இடத்துக்கு அப்பால் மட்டும் இருட்டாக இருந்தால் அது வேறு கேஸ்; அங்கே ஏதோ ஒரு சிப் டேட்டாவைக் கைமாற்றாமல் நிறுத்திவிட்டது என்று அர்த்தம்.

நேர்மாறாகச் செய்தால்? 12 வோல்ட் ஸ்ட்ரிப்பின் நான்கு ஓட்டை கனெக்டர், மூன்று பின் உள்ள ஏஆர்ஜிபி ஹெடரில் தாராளமாக ஏறும். ஆனால் மூன்று எல்இடிகளை எரிக்க 9 வோல்ட் தேவைப்படும் இடத்தில் 5 வோல்ட்தான் கிடைக்கும். லைட் எரியாது, அவ்வளவுதான். கழற்றிச் சரியான இடத்தில் சொருகினால் பிழைத்துக்கொள்ளும்.

தடுப்பு இருந்தும் எப்படி ஏறுகிறது?

ஏஆர்ஜிபி கனெக்டரில் மூன்றாவது ஓட்டை அடைக்கப்பட்டிருக்கும். நான்கு பின் ஹெடரில் வைத்தால் அந்த இடத்துப் பின் முட்டி நிற்கும். நியாயமாக இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் விலை குறைந்த ஸ்ப்ளிட்டர்கள், எக்ஸ்டென்ஷன் ஒயர்கள் சிலவற்றில் நான்கு ஓட்டையும் திறந்தே இருக்கும். சில பழைய ஸ்ட்ரிப்களில் மூன்று ஓட்டைகளும் இடைவெளி இல்லாமல் அடுத்தடுத்து இருக்கும். அது நான்கு பின் ஹெடரில் வழுக்கிக்கொண்டு ஏறிவிடும். முட்டுகிறதே என்று பின்னை வளைத்து அழுத்துகிறவர்களும் உண்டு. கனெக்டர் ஏறவில்லை என்றால், அது உங்களுக்கு ஏதோ சொல்கிறது.

"4 பின் டு 3 பின்" என்று ஆன்லைனில் விற்கும் வெறும் ஒயர்களை நம்பவே வேண்டாம் என்பது என் கருத்து. ஒயரால் 12 வோல்ட்டை 5 ஆக்க முடியாது, டேட்டா சிக்னலை உருவாக்கவும் முடியாது. போர்டில் ஏஆர்ஜிபி ஹெடரே இல்லையென்றால், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து சாட்டா பவர் எடுத்து, பட்டன் அழுத்தினால் நிறம் மாறும் சின்ன கண்ட்ரோலர் கிடைக்கிறது. போர்டை இதில் இழுக்காமலே வேலை முடிந்துவிடும்.

சொருகும் முன் எப்படிப் பார்ப்பது?

போர்டில் ஹெடர் பக்கத்திலேயே பெயர் அச்சிட்டிருப்பார்கள். எம்எஸ்ஐ போர்டில் JRGB1 என்றால் 12 வோல்ட், JRAINBOW1 என்றால் 5 வோல்ட். கிகாபைட்டில் LED_C1 என்பது 12, D_LED1 என்பது 5. ஏஎஸ்ராக்கில் ADDR_LED1 என்பது 5 வோல்ட். ஒரு விதிவிலக்கு: கிகாபைட்டின் சில பழைய போர்டுகளில் டிஜிட்டல் எல்இடி ஹெடரின் வோல்டேஜை ஜம்பர் மாற்றி 5 அல்லது 12 என்று தேர்ந்தெடுக்கலாம். செகண்ட் ஹேண்ட் போர்டு வாங்கியிருந்தால், முன்பு வைத்திருந்தவர் அதை எங்கே விட்டுவைத்தார் என்று மேனுவலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஸ்ட்ரிப்பிலும் எழுத்து இருக்கும். வெட்டும் இடத்தில் "12V G R B" என்று இருந்தால் சாதாரண ஆர்ஜிபி. "5V", "DIN" என்று அம்புக்குறியோடு இருந்தால் ஏஆர்ஜிபி. அலங்கார லைட் கடையில் வாங்கிய ஸ்ட்ரிப் என்றால் இன்னும் உஷார். டேட்டா கம்பியோடு 12 வோல்ட்டில் ஓடும் WS2811, WS2815 வகைகளும் அங்கே இருக்கின்றன. மூன்று கம்பி என்பதற்காக அது 5 வோல்ட் ஆகிவிடாது.

சந்தேகம் தீரவில்லையா? மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். ஹெடரில் எதுவும் சொருகாமல் பிசியை ஆன் செய்து, கறுப்பு முனையை கேபினட்டின் பெயின்ட் இல்லாத ஸ்க்ரூவில் வைத்து, சிவப்பு முனையால் முதல் பின்னை மட்டும் தொடுங்கள். 12 பக்கம் காட்டினால் ஆர்ஜிபி, 5 பக்கம் காட்டினால் ஏஆர்ஜிபி. முனை நழுவிப் பக்கத்துப் பின்னில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அளந்த பிறகு, பிளக் பாயின்ட்டிலேயே சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் ஸ்ட்ரிப்பைச் சொருக வேண்டும்.

ஏற்கெனவே கருகிவிட்டது என்றால், அந்த ஸ்ட்ரிப்பை "இதிலாவது எரியுதா பார்ப்போம்" என்று உடனே 5 வோல்ட் ஹெடரில் மாட்டாதீர்கள். தனியாகக் கழற்றி, அதன் 5 வோல்ட் முனைக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ரெசிஸ்டன்ஸ் அளந்து பாருங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டினால் உள்ளே ஷார்ட். அதை மாட்டினால் நல்ல ஹெடரும் சேர்ந்து போக வாய்ப்புண்டு. ஃபேனாக இருந்தால் லைட் ஒயரை மடித்து டேப் ஒட்டிவிட்டு, காற்றுக்கு மட்டும் பயன்படுத்தலாம். மோட்டாருக்கு ஒன்றும் ஆகியிருக்காது.