மாடி வீட்டுக்குப் பில்லர் கட்டாயமா?

கீழே ஒரு தளம், மேலே ஒரு தளம் என்று வீடு கட்ட நினைப்பவரிடம் மேஸ்திரி முதலில் கேட்பது, “பில்லர் போட்டுக் கட்டலாமா, லோட் பேரிங்கா?” என்பதுதான். மாடி என்றாலே பில்லர் வேண்டும் என்று பலரும் நம்புகிறார்கள். உண்மையில் இதைத் தீர்மானிப்பவை வீட்டின் வரைபடமும் மண்ணும் செங்கல்லின் தரமும்தான்.

லோட் பேரிங் முறையில் தளத்தின் பாரத்தைச் சுவரே வாங்கிக் கடைக்காலுக்கு இறக்குகிறது. பில்லர் முறையில் பாரம் பீம்களுக்குப் போய், அங்கிருந்து பில்லர்கள் வழியாக மண்ணுக்கு இறங்குகிறது. சுவர் இடத்தை அடைக்க மட்டுமே நிற்கிறது.

9 அங்குலச் சுவர் இரண்டு தளத்தைத் தாங்குமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நடுச்சுவரின் இருபுறமும் 12 அடி அகல அறைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு அறைகளின் தளமும் பாதிப் பாதியாக நடுச்சுவரில் உட்காரும். அப்படியென்றால் ஒரு அடி நீளச் சுவர், ஒவ்வொரு தளத்திலும் 12 சதுர அடியைச் சுமக்கிறது. காங்கிரீட், தரை ஓடு, ஆட்கள், சாமான்கள் எல்லாம் சேர்த்துச் சதுர அடிக்குச் சுமார் 56 கிலோ. தரைத்தள மேற்கூரை, மாடியின் மேற்கூரை இரண்டுக்கும் சேர்த்து 1,340 கிலோ வருகிறது. 20 அடி உயரச் சுவரின் சொந்த எடை இன்னொரு 940 கிலோ. ஆக, அடிக்கு ஏறக்குறைய 2.3 டன். சுவரின் அடியில் இது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 3.3 கிலோ அழுத்தமாக விழுகிறது.

சதுர சென்டிமீட்டருக்கு 35 கிலோ தாங்கும் செங்கல்லால் கட்டிய சுவருக்கு, விதிப்படி 3 கிலோ அளவுதான் பாரம் ஏற்றலாம். 50 கிலோ தாங்கும் கல் என்றால் ஏறக்குறைய 4 கிலோ வரை போகலாம். அதாவது சாதாரணக் கல் தோற்கும் இடத்தில் நல்ல கல் நின்றுவிடும்.

ஆனால் அதே 12 அடிச் சுவரில் 4 அடி வாசல் வைத்தால் நிலைமை மாறும். வாசலுக்கு மேலுள்ள பாரத்தை லிண்டல் இருபக்கமும் தள்ளும். மீதி 8 அடியும் அதைச் சேர்த்துச் சுமப்பதால் அழுத்தம் 5 கிலோவை நெருங்கும். நல்ல கல்லுக்கும் இது அதிகம். இதற்கு வழி இருக்கிறது. அறையைச் சதுரமாக அமைத்து, தளத்துக்கு இரு திசையிலும் கம்பி கட்டினால் பாரம் நான்கு சுவர்களுக்கும் பிரியும். நடுச்சுவருக்கு வரும் தளத்தின் பங்கு பாதியாகி, வாசலோடு சேர்த்தே 3.5 கிலோவுக்குள் நின்றுவிடும்.

ஆகவே, அறைகள் ஏறக்குறைய சதுரமாகவும் மாடிச் சுவர்கள் கீழ்ச்சுவர்களுக்கு நேர் மேலேயும் இருந்து, மண்ணும் கெட்டியாக இருந்தால் லோட் பேரிங்கே போதும். கம்பியும் சென்டரிங் பலகையும் மிச்சமாகும். லிண்டல் மட்டத்தில் எல்லாச் சுவர்களையும் சுற்றி, விட்டுப்போகாமல் ஒரு காங்கிரீட் பட்டை ஓட வேண்டும். நிலம் அதிர்ந்தால் சுவர்கள் பிரிந்து சாயாமல் அது கட்டிப் பிடிக்கும். கல்லைச் சோதிப்பது எளிது. ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறிய கல்லின் எடை, காய்ந்த எடையைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடக் கூடாது. வலுவை ஆய்வுக்கூடத்தில் நசுக்கிப் பார்த்தே உறுதிசெய்ய வேண்டும்.

கீழே கார் நிறுத்தத் திறந்த இடம், பெரிய ஹால், மாடியில் வேறு அமைப்பில் அறைகள், பின்னாளில் சுவரை இடித்து மாற்றும் எண்ணம் என்று ஏதாவது இருந்தால் பில்லர்தான் சரி. கோடையில் வெடித்து மழையில் உப்பும் கரிசல் மண்ணிலும் சாதாரணக் கடைக்காலில் நிற்கும் சுவர் விரிசல் விடும். அங்கே பொறியாளர் மண்ணைச் சோதித்து அஸ்திவாரத்தை முடிவு செய்ய வேண்டும்.

பில்லர் போட்டதாலேயே வீடு பத்திரமாகிவிடாது. 2001 குஜராத் நிலநடுக்கத்தில் அகமதாபாத்தில், கீழ்த்தளத்தைத் திறந்தவெளியாக விட்ட பில்லர் கட்டடங்கள் பல சரிந்தன. பில்லரும் பீமும் சேரும் மூட்டில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். அங்கே ரிங் கம்பிகளை நெருக்கமாகக் கட்டி, அவற்றின் முனைகளை உள்பக்கமாக நன்றாக மடக்க வேண்டும். வேலைக்குச் சிரமம் என்று அந்த இடத்தில் ரிங்கையே விட்டுவிடுவது வழக்கமாக நடக்கிறது. காங்கிரீட் போட்டபின் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

எல்லாவற்றிலும் மோசமானது இரண்டையும் கணக்கில்லாமல் கலப்பது. ஒரு பக்கம் பில்லர், மறுபக்கம் வெறும் சுவர் என்று தளத்தை நிறுத்தினால், தனித்தனி அஸ்திவாரங்கள் வெவ்வேறு அளவில் அமிழும். இரண்டும் சேரும் இடத்தில் சாய்வான விரிசல் விழும்.

கடைக்கால் தோண்டும் முன் கீழ்த்தள வரைபடத்தின் மேல் மாடியின் வரைபடத்தை வைத்துப் பாருங்கள். சுவர்மேல் சுவர் உட்கார்ந்து, மண்ணும் கெட்டி என்றால் பில்லருக்கான பணத்தை நல்ல செங்கல்லில் போடுங்கள். உட்காரவில்லை என்றால் பில்லருக்குப் போங்கள். ஆனால் கம்பி கட்டி முடித்த அன்று, காங்கிரீட் கொட்டும் முன், பொறியாளரை நேரில் வரவழைத்து ஒவ்வொரு மூட்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.