பழைய பாக்கிக்குத் தனிப் பக்கம்

திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்களுக்குச் சனிக்கிழமைதான் சம்பளம். அன்று இரவு எங்கள் லைன் வீடுகளிலிருந்து எல்லோரும் அண்ணாச்சி கடைக்கு நோட்டோடு போவோம். வீட்டில் ஒரு நோட்டு, கடையில் ஒரு நோட்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒத்துப்பார்ப்பார். பாக்கி எவ்வளவு என்று வாயால் சொல்லமாட்டார். தொகையைச் சுழித்து நோட்டை நம் பக்கம் திருப்புவார். பின்னால் நிற்பவருக்குத் தெரியாது.

கம்பெனியில் ஆர்டர் குறைந்து அம்மாவுக்குப் பாதி நாள் வேலை இல்லாமல் போனது. வாரம் 1,100 ரூபாய்க்குச் சாமான் வாங்கிவிட்டு 800தான் கொடுக்க முடிந்தது. ஆறு வாரத்தில் பாக்கி 1,800. ஏழாவது சனிக்கிழமை அம்மா கடைக்கே போகவில்லை. பற்றுக் கணக்கு முறிவது பெரும்பாலும் இப்படித்தான். கொடுக்க முடியாதவர் கூச்சப்பட்டு வேறு தெரு வழியாகப் போவார், கடைக்காரருக்கு முழுத்தொகையும் போய்விடும்.

அண்ணாச்சி என்னிடம் சொல்லி அம்மாவை வரவழைத்தார். “பழசு ஒரு பக்கம் கெடக்கட்டும்மா. இன்னைக்குப் புதுசா எழுதுவோம்” என்றார். 1,800ஐத் தனிப் பக்கத்துக்கு மாற்றினார். பிறகு பட்டியலை எடுத்து பிஸ்கட்டை அடித்தார், எண்ணெயைப் பாதியாக்கினார், துவரம்பருப்பில் மட்டும் கை வைக்கவில்லை. வாரச் சாமான் 700க்கு வந்தது. கொடுக்கும் 800இல் மீதி 100 பழைய பக்கத்தில் வரவு. பதினெட்டாவது வாரம் அந்தப் பக்கத்தின் குறுக்கே கோடு போட்டார். வட்டி இல்லை. ரொக்கத்துக்கு வாங்குபவருக்கு என்ன விலையோ அதே விலைதான் எங்களுக்கும்.

அவரிடமும் பணம் கொட்டிக்கிடக்கவில்லை. அரிசி, பருப்பில் கிலோவுக்குச் சில ரூபாய்தான் நிற்கும். ஒரு குடும்பம் சொல்லாமல் வீட்டைக் காலி செய்தால், அந்த நஷ்டத்தை ஈடுகட்ட எத்தனை மூட்டை விற்க வேண்டும்! அதனால் சிகரெட்டுக்குக் கடன் கிடையாது. யார் கேட்டாலும் கிடையாது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கம்பெனிகள் நின்றபோது, மண்டியில் ரொக்கம் கேட்டார்கள். ரேஷனில் அரிசி இலவசமாகக் கிடைத்தது. “அரிசியை அங்க வாங்கிக்கோங்க. பருப்பும் எண்ணெயும் நான் தாரேன்” என்று ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்லி அனுப்பினார். இருந்த கைமுதலை அப்படிப் பிரித்ததால்தான் எங்கள் லைனில் எல்லா வீட்டிலும் குழம்பு கொதித்தது. அந்த ஏற்பாடு அவருக்கு எப்படித் தோன்றியது என்று நான் கேட்டு வைத்திருக்கலாம்.

போன மாதம் அவர் போய்விட்டார். காரியம் முடிந்த பிறகு அம்மா எங்கள் நோட்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். பாக்கி 340 ரூபாய். அக்கா வேண்டாம் என்று தலையசைத்தார். அம்மா விடவில்லை, கடை நோட்டையும் கொண்டுவரச் சொன்னார். இரண்டையும் பக்கத்தில் வைத்து, அக்கா கையாலேயே வரவு எழுத வைத்தார்.