முப்பது நொடிக்கு மூன்று கதை

மரச்செக்கு எண்ணெய்க் கடை வைத்திருக்கும் ஒருவர் ரீல்ஸ் எடுத்துத் தரச் சொல்லி வாட்ஸ்அப்பில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். “செக்கைக் காட்டணும், அப்பா காலத்துக் கடைன்னு சொல்லணும், கொலஸ்ட்ரால் வராதுன்னு சொல்லணும், தீபாவளி ஆஃபரும் வரணும். முப்பது செகண்ட் போதும்.” எல்லாவற்றையும் அடைத்தால் ஒன்றுமே பார்ப்பவர் மனதில் நிற்காது.

அனுபவமுள்ள படைப்பாளி இந்தப் பட்டியலோடு மல்லுக்கட்டுவதில்லை. அவர் கேட்பது ஒரே கேள்வி: “அண்ணே, கடைக்கு வந்துட்டு வாங்காம போறவங்க என்ன சொல்லிட்டுப் போறாங்க?” பதில் உடனே வரும்: “விலை ஜாஸ்தின்னுதான்.” வீடியோ பதில் சொல்ல வேண்டிய விஷயம் அதுதான். கொலஸ்ட்ரால் பேச்சை அங்கேயே விட்டுவிடுவது நல்லது. உணவுப் பொருள் விளம்பரங்களில் ஆதாரமில்லாத உடல்நலப் பெருமைகளைச் சொல்ல 2018ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை இடம் தருவதில்லை.

இனி மூன்று யோசனைகள். முதலாவதில் பேச்சே கிடையாது. நிலக்கடலைப் பருப்பு செக்கில் கொட்டப்படும் சத்தம், உலக்கை சுற்றும் கிறீச்சொலி, கடைசியில் ஒரே ஒரு லிட்டர் பாட்டில். ‘ஏறக்குறைய இரண்டரைக் கிலோ பருப்பு, ஒரு லிட்டர் எண்ணெய்’ என்ற எழுத்தோடு முடிகிறது. இரண்டாவதில் கடைக்காரரே கேமராவைப் பார்த்து, “ஏன் இவ்வளவு விலைன்னு கேக்குறீங்களா?” என்று தொடங்கி, பருப்பு வாங்கிய பில்லைக் காட்டிக் கணக்குச் சொல்கிறார். மூன்றாவது, தூக்குவாளியோடு வரும் பழைய வாடிக்கையாளர் ஒருவரின் சமையலறையில் நடக்கிறது. பேசுவதும் அவர்தான்.

கேள்வி ஒன்று, பதில் சொல்லும் விதம் மூன்று. பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். ஒரே செக்குக் காட்சிக்கு மூன்று பாட்டுகளைப் போட்டுவிட்டு மூன்று யோசனை என்பார்கள். சோதித்துப் பார்ப்பது சுலபம்: முதல் மூன்று நொடிகளை மட்டும் அருகருகே எழுதிப் பாருங்கள். யார் தெரிகிறார், என்ன கேட்கிறது என்பது மூன்றிலும் மாறவில்லை என்றால் கையில் இருப்பது ஒரே யோசனைதான். தனக்குப் பிடித்த ஒன்றை நன்றாக எழுதி, மற்ற இரண்டைப் பேருக்குச் சேர்ப்பதும் தவறு. கடைக்காரர் அந்த ஒப்புக்கு எழுதியதையே தேர்ந்தெடுத்துவிட்டால், அதைத்தான் எடுத்தாக வேண்டும்.

ஒப்புதல் சீக்கிரம் கிடைக்க ஒரே தாள் போதும். ஒவ்வொரு யோசனைக்கும் நான்கு வரி: முதல் காட்சி, நடுவில் நடப்பது, கடைசி வாசகம், ஆகும் நாளும் செலவும். முழு வசனத்தை அப்போதே அனுப்பினால், யோசனையை விட்டுவிட்டுச் சொல்லைத் திருத்த ஆரம்பித்துவிடுவார்கள். “எப்படி இருக்கு?” என்று கேட்டால் வீட்டில் எல்லோரிடமும் காட்டிவிட்டு, ஆளுக்கொரு கருத்தோடு வருவார். “மூணுல எதை எடுக்கலாம்? புதன்கிழமைக்குள்ள சொல்லுங்க, சனிக்கிழமை ஷூட்டிங்” என்று கேட்டால் எண் ஒன்றே பதிலாக வரும்.

ஷூட்டிங் முடிந்த பிறகு வேறொன்றுக்கு மாற நினைத்தால் அது புதிய வேலை, கட்டணமும் தனி. இதையும் அந்தத் தாளின் கடைசி வரியாக முதலிலேயே எழுதிவிடுங்கள்.