செல்போன் கதையை ஏழு அட்டைகளில் சொல்வோமா?

மொபைலில் விரலால் தள்ளத் தள்ள அடுத்தடுத்து வரும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். இதற்குக் கரோசல் என்று பெயர். ஒரு கண்டுபிடிப்பு வளர்ந்த கதையை ஆண்டு வாரியாக இப்படிச் சொல்லலாம். பவர்பாயிண்ட் இருந்தாலே போதும்.

நான் வேலை பார்ப்பது ஒரகடத்தில். ஸ்ரீபெரும்புதூர் சாலையில் தினமும் போகிறவன் என்பதால் செல்போனையே எடுத்துக்கொண்டேன்.

முதலில் பவர்பாயிண்டைத் திறக்காதீர்கள். நோட்பேடில் ஆண்டுகளை மட்டும் எழுதுங்கள். என் பட்டியல் இது: 1946, 1947, 1973, 1983, 1995, 2006, 2014. ஓர் ஆண்டுக்கு ஓர் அட்டை, ஓர் அட்டைக்கு இரண்டு அல்லது மூன்று வாக்கியம். அதற்கு மேல் போனால் மொபைல் திரையில் எழுத்து பொடியாகிவிடும்.

மூன்றாவது அட்டையில் நான் முதலில் எழுதியது: "1973: மார்ட்டின் கூப்பர் செல்போனைக் கண்டுபிடித்தார்." இது தவறு. காரில் பொருத்தும் போன் 1946-லேயே அமெரிக்காவில் வந்துவிட்டது. ஆனால் ஒரு நகரம் முழுவதற்கும் ஒரே பெரிய ஆன்டெனா என்பதால் ஒரே நேரத்தில் ஒரு சிலர்தான் பேச முடிந்தது. நகரைச் சின்னச் சின்ன வட்டாரங்களாகப் பிரித்தால், ஒரே அலைவரிசையைத் தள்ளியிருக்கும் வட்டாரத்தில் மறுபடியும் பயன்படுத்தலாம் என்று 1947-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் யோசனை சொன்னார்கள். அந்த வட்டாரம்தான் 'செல்'. மோட்டரோலாவைச் சேர்ந்த கூப்பர் செய்தது அடுத்த படி. ஆகவே இப்படி மாற்றினேன்:

"1973, ஏப்ரல் 3: நியூயார்க் தெருவில் நின்று, கையில் பிடித்த செல்போனில் மார்ட்டின் கூப்பர் பேசினார். எடை ஒரு கிலோவுக்கு மேல். ஆனால் இது மாதிரிக் கருவிதான், கடைக்கு வரவில்லை."

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். அதுதான் வாசகரை 1983-க்குத் தள்ளுகிறது. அந்த ஆண்டுதான் அமெரிக்க அரசு விற்பனைக்கு அனுமதி தந்தது; விலை 3,995 டாலர். ஒவ்வோர் அட்டையும் ஒரு குறையைச் சொல்லி முடிய வேண்டும், அடுத்த அட்டை அதைத் தீர்க்க வேண்டும். வெறும் ஆண்டுகளை அடுக்கினால் அது காலண்டர்.

இன்னொரு சிக்கல். அட்டைகள் ஒரே அளவு என்பதால் எல்லா இடைவெளியும் ஒன்றுபோல் தெரியும். 1946-க்கும் 1947-க்கும் இடையே ஓராண்டு. 1947-க்கும் 1973-க்கும் இடையே 26 ஆண்டுகள். அட்டையின் மேல் மூலையில் "26 ஆண்டுகள் கழித்து" என்று சிறியதாகப் போட்டுவிடுங்கள்.

அடுத்து, ஆண்டு எந்த நிகழ்ச்சிக்கு உரியது என்பதையும் எழுதுங்கள். 1995 ஜூலை 31-ல் கொல்கத்தாவிலிருந்து முதல்வர் ஜோதிபாசு, டெல்லியிலிருந்த அமைச்சர் சுக்ராமிடம் பேசினார். இது இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு. உலகின் முதல் அழைப்பு அல்ல.

நான் 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியதோடு கதையை முடித்திருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா இங்கே ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்கு ஷிப்டில் போகிறவர். பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, அதோட நின்னுட்ட? அது மூடினதை யாரு சொல்லுவா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நல்ல செய்தியோடு முடிக்கும் ஆசையில் பாதிக் கதையை விட்டிருந்தேன்.

ஏழாவது அட்டை அப்படி வந்ததுதான். நோக்கியாவின் போன் பிரிவு 2014-ல் மைக்ரோசாஃப்ட் கைக்குப் போனபோது, வரி வழக்கில் சிக்கியிருந்த இந்த ஆலை விடுபட்டது. அதே ஆண்டு நவம்பரில் உற்பத்தி நின்றது. சார்ஜர் தயாரிக்கும் சால்காம்ப் நிறுவனம் இந்த ஆலையை எடுத்துக்கொள்ளும் அறிவிப்பு 2019-ல் வந்தது.

இனி பவர்பாயிண்ட். Design, Slide Size, Custom Slide Size என்று போய், அகலம், உயரம் இரண்டிலும் 28.58 cm கொடுங்கள். சதுர ஸ்லைடு கிடைக்கும். தமிழை யூனிகோடில் டைப் செய்து Nirmala UI எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். முடிந்ததும் Save As-ல் PNG, பிறகு All Slides. ஒரு ஃபோல்டரில் ஏழு படங்களும் வரிசையாக வந்துவிடும். படமாகிவிட்டதால், எழுத்துரு இல்லாத மொபைலிலும் தமிழ் கட்டம் கட்டமாகச் சிதறாது.

அனுப்பும் முன் உங்கள் மொபைலில் ஒருமுறை தள்ளிப் பாருங்கள். கண்ணைச் சுருக்காமல் படிக்க முடியாவிட்டால், எழுத்தைப் பெரிதாக்கும் முன் ஒரு வாக்கியத்தை நீக்குங்கள்.